மெடிக்கல் ரிப்போர்ட்டில் சர்க்கரை 268... வெளிநாட்டு வேலை கைநழுவிப் போய்விடுமா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் இன்றைக்கும் தறிச் சத்தம் கேட்கிறது. ஆனால், அந்தச் சத்தம் கேட்கும் எல்லா வீட்டிலும் அடுத்த தலைமுறை தறிக்குழியில் இறங்குவதில்லை. ஒருவர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலை பஸ் ஏறுகிறார். இன்னொருவர் சவுதி, கத்தார், குவைத் என்று விசாவுக்கு அலைகிறார். இரண்டு பேருக்கும் வழியில் ஒரே வாசல்தான்: மெடிக்கல். எக்ஸ்-ரே, ரத்தம், சிறுநீர், கண் என்று ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் அந்தப் பரிசோதனையில், பலரும் பயப்படுவது காசநோய்க்கும் ஹெச்.ஐ.வி-க்கும். எதிர்பாராமல் மாட்டிக்கொள்வது சர்க்கரையில்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர் - இண்டியாப் ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாக அது கணக்கிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவிகிதம், அதாவது ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர். நீரிழிவு ஆரம்பத்தில் வலிக்காது, காய்ச்சல் வராது. அதனால், வாழ்க்கையிலேயே முதன்முறையாக ஒருவர் சர்க்கரை பார்ப்பது வேலைக்கான மெடிக்கலில்தான் என்பது சகஜம். அன்றைக்குப் பார்த்து எண் ஏறி இருந்தால், நோய் பற்றிய செய்தியும் வேலை பற்றிய செய்தியும் ஒரே தாளில் வந்து சேரும்.

அந்த எண் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை, அதற்குப் பிறகு என்னென்ன நடக்கும்?

மெடிக்கல் ரிப்போர்ட் நோயறிக்கை அல்ல

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். உங்கள் குடும்ப டாக்டர் சர்க்கரை பார்ப்பது உங்களுக்கு நோய் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. வேலைக்கான மெடிக்கலில் பார்ப்பது, இந்த வேலைக்கு இவரை அனுப்பலாமா என்று முடிவு செய்ய. கேள்வியே வேறு. அதனால் பரிசோதனையும் வேறு மாதிரி இருக்கும்.

பெரும்பாலான இடங்களில் எடுப்பது 'ரேண்டம்' சர்க்கரை. சாப்பிட்டீர்களா, எப்போது சாப்பிட்டீர்கள் என்ற கணக்கெல்லாம் இல்லாமல், போன நேரத்தில் எடுக்கும் ரத்தம். கூடவே சிறுநீரில் ஒரு பட்டையை நனைத்துப் பார்ப்பார்கள். இரண்டும் வடிகட்டும் சோதனைகள். இவற்றில் சந்தேகம் வந்தால்தான் அடுத்த கட்டம்.

நோய் என்று முடிவு செய்யும் எண்கள் இவை. எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் எடுத்த சர்க்கரை 126 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அல்லது, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ரேண்டமில் 200-ஐத் தாண்டி, கூடவே அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடை இழப்பு போன்ற அறிகுறிகளும் இருந்தால் அதுவே போதும். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு எண்ணை வைத்து 'உங்களுக்குச் சர்க்கரை நோய்' என்று முத்திரை குத்தக் கூடாது. இன்னொரு பரிசோதனையும் அதையே சொல்ல வேண்டும் என்பதுதான் மருத்துவ விதி. மெடிக்கல் முடிந்து வெளியே வரும்போது கையில் இருப்பது பெரும்பாலும் அந்த ஒரே ஒரு எண்தான்.

வளைகுடா பட்டியலில் இருக்கும் ஒரு சொல்

சவுதி, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் ஆகிய ஆறு நாடுகளுக்கும் பொதுவாக ஒரு மருத்துவப் பரிசோதனை ஏற்பாடு இருக்கிறது. ஊரில் இன்னமும் 'காம்கா மெடிக்கல்' என்றுதான் சொல்கிறார்கள். இப்போது அதன் பெயர் 'வாஃபித்'. இணையத்தில் பதிவு செய்து, அங்கீகரிக்கப்பட்ட மையத்துக்குப் பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு அது சென்னைப் பயணம். முடிவு காகிதத்தோடு நிற்பதில்லை. பாஸ்போர்ட் எண்ணோடு சேர்த்துப் பொதுக் கணினி அமைப்பில் ஏறிவிடும். 'அங்கே அன்ஃபிட் என்றால் இன்னொரு மையத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பழைய யோசனை இதனால்தான் எடுபடுவதில்லை.

அந்த நாடுகளின் விதிகளில், எந்தெந்த நோய் இருந்தால் தகுதியில்லை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. தொற்றுநோய்கள் ஒரு பக்கம். தொற்றாத நோய்கள் இன்னொரு பக்கம்: நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, கல்லீரல் செயலிழப்பு, இதயச் செயலிழப்பு, புற்றுநோய் என்று போகும் அந்த வரிசையில் நீரிழிவும் உண்டு. ஆனால், வெறும் 'நீரிழிவு' என்று இல்லை. 'கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு' என்று இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் அதே அடைமொழிதான்.

அந்த அடைமொழிதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. நோய் இருப்பது ஒரு விஷயம், கட்டுப்பாட்டில் இல்லாமல் இருப்பது இன்னொரு விஷயம். மாத்திரை போட்டு ஒழுங்காக வைத்திருப்பவர் நோயாளிதான், ஆனால் பட்டியலின்படி அவர் தகுதியற்றவர் அல்ல. நோய் இருப்பதே தெரியாமல் 'எனக்கெல்லாம் சர்க்கரை கிடையாது' என்று வரிசையில் நிற்பவர்தான் அந்தப் பட்டியலில் விழும் ஆபத்தில் இருக்கிறார். கேட்க விநோதமாக இருக்கும். ஆனால், மெடிக்கலுக்கு மூன்று மாதம் முன்பே நோயைக் கண்டுபிடித்தவர், கண்டுபிடிக்காதவரைவிட நல்ல நிலையில் இருக்கிறார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இது ஒரு கற்பனை உதாரணம். எண்கள் எப்படி ஓடும் என்று புரிவதற்காக மட்டும்.

தறி வேலையை விட்டுவிட்டு ஏ.சி மெக்கானிக் வேலை கற்றுக்கொண்ட 38 வயதுக்காரர் ஒருவர். விடியற்காலை பஸ் ஏறி சென்னை போகிறார். எட்டரை மணிக்குப் பொங்கல், வடை, இரண்டு டீ. பதினொன்றரைக்கு ரத்தம் எடுக்கிறார்கள். ரேண்டம் சர்க்கரை 268. சிறுநீர்ப் பட்டையில் சர்க்கரை மூன்று பிளஸ்.

உடனே அவருக்குத் தோன்றுவது, 'பொங்கல் சாப்பிட்டதால்தான் ஏறிவிட்டது' என்பது. பாதி உண்மைதான். சாப்பாடு சர்க்கரையை ஏற்றும். ஆனால், நீரிழிவு இல்லாத உடம்பு சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் பொதுவாக அதை 140-க்குக் கீழே இறக்கிவிடும். மூன்று மணி நேரம் கழித்தும் 268-ல் நிற்கிறது என்றால், பொங்கல் மேல் பழி போட முடியாது. இதுவே 150, 160 என்று வந்திருந்தால் சந்தேகத்தின் பலனைப் பொங்கலுக்குக் கொடுத்து, வெறும் வயிற்றில் மறுபடி பார்க்கலாம்.

அடுத்த நாள் வெறும் வயிற்றில் 172. ஹெச்பிஏ1சி 9.1. இந்த 9.1-ஐச் சராசரி சர்க்கரையாக மாற்றினால் சுமார் 214 வரும். அதாவது, நேற்றைய ஒரு நாள் விபத்து அல்ல. இரண்டு மூன்று மாதமாகவே அவர் ரத்தத்தில் சர்க்கரை சராசரியாக 200-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று பரிசோதனைகளும் ஒரே கதையைச் சொல்கின்றன. இங்கே ஆய்வகத்தின் தவறு என்று வாதாட இடமில்லை.

டாக்டர் மெட்ஃபார்மின் மாத்திரை தொடங்குகிறார். சோற்றின் அளவு குறைகிறது, நடை கூடுகிறது. மூன்று வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 118-க்கு இறங்குகிறது. மனிதருக்கு ஒரே சந்தோஷம். மறுபடி மெடிக்கலுக்கு ஓடுகிறார். ஹெச்பிஏ1சி எடுத்துப் பார்த்தால் 8.2. அவருக்குப் புரியவில்லை. சர்க்கரைதான் இறங்கிவிட்டதே?

இறங்கியது இன்றைய சர்க்கரை. ஹெச்பிஏ1சி காட்டுவது பழைய கணக்கு. ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதற்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொண்டால் அந்த அணு சாகும் வரை போகாது. சர்க்கரை அதிகமாக இருந்த நாள்களில் ஊறிய பழைய அணுக்கள் இன்னும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை கழிந்து, புதியவை வர வேண்டும். கடைசி ஒரு மாதத்தின் பங்கு ஏறக்குறையப் பாதி. மீதிப் பாதி அதற்கு முந்தைய மாதங்களுடையது. அதனால்தான் நான்கு வாரத்தில் பாதி தூரம் மட்டும் இறங்கும், முழுதாக இறங்க மூன்று மாதம் ஆகும். மருந்தையும் சாப்பாட்டையும் விடாமல் பின்பற்றினால் நமது மெக்கானிக் மூன்றாம் மாத முடிவில் 7-க்குப் பக்கத்தில் வந்து நிற்கலாம்.

ஏஜென்ட் 'பத்து நாள் சர்க்கரை சேர்க்காதே, சரியாகிவிடும்' என்று சொல்வது ரேண்டம் சோதனைக்கு வேண்டுமானால் கொஞ்சம் பொருந்தும். ஹெச்பிஏ1சி கேட்டுவிட்டால் அந்த வித்தை பலிக்காது. விசாவுக்குக் கெடு வைத்திருப்பவர்களுக்கு இந்த மூன்று மாதக் கணக்குதான் உண்மையான சிக்கல். நோயைக் கட்டுப்படுத்திவிடலாம். விசா அதுவரை காத்திருக்குமா என்பதுதான் கேள்வி. தறியை விற்றோ, நகையை அடகு வைத்தோ ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே, பக்கத்து ஆய்வகத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஹெச்பிஏ1சி-யும் பார்த்துவிடுவது நல்லது என்று சொல்வது இதற்காகத்தான். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சர்க்கரையைக் காசில்லாமலே பார்த்துக்கொள்ளலாம்.

அதே நாளில், அதே வரிசையில் இன்னொருவர் நிற்கிறார் என்று வையுங்கள். அவருக்கு நான்கு வருடமாக நீரிழிவு. ரேண்டம் 190. பார்ப்பதற்கு அதுவும் அதிகம்தான். ஆனால் கையில் மருந்துச் சீட்டு இருக்கிறது, போன மாத ஹெச்பிஏ1சி 7.1 என்ற ரிப்போர்ட் இருக்கிறது, சிறுநீரகம், கண் பார்த்த விவரம் இருக்கிறது. 'கட்டுப்பாட்டில் இருக்கிறது' என்று எழுதுவதற்கு மையத்து டாக்டருக்கு அவர் ஆதாரம் தருகிறார். முதலாமவரிடம் அப்படி எதுவும் இல்லை. கடைசி முடிவு அந்த மையத்து டாக்டர் கையில்தான் என்றாலும், இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை.

சர்க்கரையோடு சேர்ந்து வரும் இன்னொரு எண்

சர்க்கரை கூடியிருக்கும் ரிப்போர்ட்டில் டாக்டர் அடுத்துக் கண்ணை ஓட்டும் இடம் சிறுநீரில் 'ஆல்புமின்', ரத்தத்தில் 'கிரியாட்டினின்'. பல வருடம் கவனிக்காத சர்க்கரை சிறுநீரகத்தைத் தொட்டிருக்கிறதா என்பதை இவை காட்டும். சர்க்கரையை மூன்று மாதத்தில் இறக்கலாம். சேதமான சிறுநீரகத்தை அப்படி மீட்க முடியாது. மேலே சொன்ன வளைகுடாப் பட்டியலில் நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு தனியாகவே இருக்கிறது. அதற்குக் 'கட்டுப்பாட்டில் இல்லாத' என்ற அடைமொழி எதுவும் கிடையாது.

எண் பொய் சொல்லும் நேரங்கள்

எல்லோருடைய 'அன்ஃபிட்'டும் நோயால் வருவதில்லை. ஆனால், மக்கள் சந்தேகப்படும் இடம் ஒன்று, தவறு நடக்கும் இடம் வேறு.

'ரத்தத்தை ரொம்ப நேரம் வைத்துவிட்டார்கள், அதனால் ஏறிவிட்டது' என்பார்கள். நடப்பது நேர்மாறு. எடுத்த ரத்தத்தில் உள்ள அணுக்கள் குழாய்க்குள்ளும் உயிரோடு இருந்து சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். சாதாரணக் குழாயில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவிகிதம் வரை குறையும். நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாகக் குறையும். இதைத் தடுக்கத்தான் சர்க்கரைக்கு ஃப்ளோரைடு போட்ட சாம்பல் நிற மூடிக் குழாயைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே, தாமதம் உங்களுக்குப் பொய்யான நிம்மதியைத் தரலாம். பொய்யான பயத்தைத் தராது.

விரலில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டர் விஷயம் வேறு. கோயில் பிரசாதமாகக் கொடுத்த சர்க்கரைப் பொங்கலையோ, வாழைப்பழத்தையோ சாப்பிட்ட கையோடு விரலை நீட்டினால், விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையும் சேர்ந்தே எண்ணாக வரும். ஸ்பிரிட் பஞ்சால் லேசாகத் துடைப்பது போதாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் காயவிட்டுப் பிறகு குத்த வேண்டும். தவிர, நல்ல மீட்டரே 15 சதவிகிதம் வரை முன்பின் காட்டலாம் என்பதால், வேலையைத் தீர்மானிக்கும் எண்ணை நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

மூன்றாவது, ஊசி. நாள் முழுக்கத் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுக் குனிந்து உட்காருபவர்களுக்கு முதுகு வலியும் மூட்டு வலியும் சகஜம். 'போட்டதும் வலி பறந்துவிடும்' என்று மூட்டில் போடும் ஊசி பல நேரம் ஸ்டீராய்டு. அது சில நாள்களுக்குச் சர்க்கரையை நன்றாகவே ஏற்றிவைக்கும். ஆஸ்துமாவுக்கோ, தோல் அலர்ஜிக்கோ எடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் அப்படித்தான். மெடிக்கலுக்கு முந்தைய வாரம் ஊசி போட்டிருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். டாக்டர் கொடுத்து தினமும் எடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் மெடிக்கலுக்காகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. அது சர்க்கரையைவிடப் பெரிய ஆபத்து.

நான்காவதுதான் இப்போது புதிதாக முளைத்திருக்கும் குழப்பம். டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் என்ற வகை மாத்திரைகள் சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றியே வேலை செய்கின்றன. டாபாக்லிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2020-லும், எம்பாக்லிஃப்ளோசினின் காப்புரிமை 2025-லும் முடிந்ததால் விலை சரிந்து, இப்போது ஏராளமானவர்கள் எடுக்கிறார்கள். இந்த மாத்திரை போடுகிறவரின் ரத்தச் சர்க்கரை 120 என்று அழகாக இருக்கும். சிறுநீர்ப் பட்டையோ மூன்று பிளஸ், நான்கு பிளஸ் என்று கத்தும். மருந்து சரியாக வேலை செய்வதன் அடையாளம் அது. தெரியாதவர் கண்ணுக்குத் தலைகீழாகத் தெரியும். மாத்திரையை நிறுத்தினாலும் இது சில நாள் தொடரும் என்பதால், முந்தைய நாள் மட்டும் நிறுத்துவதில் பலனில்லை. மருந்துச் சீட்டையும் ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டையும் சேர்த்துக் காட்டுவதுதான் வழி. நீரிழிவே இல்லாமல், பிறவியிலேயே சிறுநீரகம் சர்க்கரையைக் கசியவிடும் சிலரும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சிறுநீர் மட்டும் 'பாசிட்டிவ்' காட்டும்.

ஹெச்பிஏ1சி-யும் அப்பழுக்கற்றது அல்ல. இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை இருந்தால் அது உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். செவிலியர் வேலைக்கு வெளிநாடு போகும் இளம்பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை 90 என்றிருக்க, ஹெச்பிஏ1சி மட்டும் 6 என்று வந்தால், ஹீமோகுளோபினையும் பாருங்கள்.

அரசு வேலையில் ஒரு பழைய விதி

சிறுநீர்ச் சர்க்கரை என்பது நோய்க்கான தீர்ப்பு அல்ல என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ் உள்ளிட்ட சிவில் சர்வீசஸ் தேர்வுக்கான மருத்துவ விதிகளைப் படித்தால் தெரியும். தேர்வரின் சிறுநீரில் சர்க்கரை தெரிந்தால், மருத்துவக் குழு மற்ற எல்லாப் பரிசோதனைகளையும் முடிக்க வேண்டும். மற்றபடி உடல்நிலை சரியென்றால், 'இது நீரிழிவால் வந்த சர்க்கரை இல்லை என்றால் தகுதியானவர்' என்று நிபந்தனையோடு எழுதலாம். பிறகு ஆய்வக வசதியுள்ள பொது மருத்துவ நிபுணருக்கு அனுப்ப வேண்டும். அவர் குளுக்கோஸ் கொடுத்துப் பார்க்கும் பரிசோதனை உட்பட எல்லாம் செய்து கருத்துச் சொன்ன பிறகே கடைசி முடிவு. அதில் ஒரு சுவாரசியமான வரியும் உண்டு: மருந்து போட்டு எண்ணை மறைத்திருக்கிறாரா என்று அறிய, தேவைப்பட்டால் தேர்வரைச் சில நாள் மருத்துவமனையில் கண்காணிப்பில் வைக்கலாம். மெடிக்கலுக்கு முதல் நாள் இரண்டு மாத்திரை சேர்த்துப் போடும் புத்திசாலிகள் இன்று நேற்று தோன்றியவர்கள் அல்ல.

அந்தப் புத்திசாலித்தனத்தில் உயிராபத்து இருக்கிறது. க்ளிமிப்ரைடு போன்ற மாத்திரைகள் சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். இரவிலிருந்து பட்டினி, விடியற்காலை இரண்டு மாத்திரை, இரண்டு மணி நேர பஸ் பயணம், அதன் பிறகு வரிசையில் காத்திருப்பு. கை நடுங்கி, வியர்த்து, மயங்கி விழுவதற்கு வேறு எதுவும் வேண்டாம். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கச் சொன்னால், காலை மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு போய், ரத்தம் கொடுத்த பிறகு சாப்பாட்டோடு போடலாமா என்று முன்பே உங்கள் டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம்.

ஒரகடத்தில் எதற்குப் பயப்படுகிறார்கள்?

உள்ளூர்த் தொழிற்சாலை மெடிக்கலில் கதை கொஞ்சம் வேறு. அங்கே முடிவு 'ஃபிட்', 'அன்ஃபிட்' என்று இரண்டோடு நிற்பதில்லை. 'இந்த வேலைகள் தவிர மற்றவற்றுக்குத் தகுதி', 'தற்காலிகமாகத் தகுதியில்லை, சிகிச்சைக்குப் பின் வரவும்' என்றும் எழுதுவார்கள்.

இங்கே கம்பெனி டாக்டரின் கவலை சர்க்கரை கூடுவது பற்றி மட்டுமல்ல. திடீரென்று குறைவது பற்றியும்தான். இன்சுலின் போடுகிறவருக்கும், மேலே சொன்ன க்ளிமிப்ரைடு வகை மாத்திரை எடுப்பவருக்கும் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும் வாய்ப்பு உண்டு. அசெம்பிளி லைனில் அது நடந்தால் சக தொழிலாளி ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துச் சரி செய்துவிடுவார். கிரேன் கேபினிலோ, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும்போதோ, உயரத்தில் நிற்கும்போதோ நடந்தால்? அதனால்தான் அந்த வேலைகளுக்கும், சாப்பாட்டு நேரம் மாறிப்போகும் நைட் ஷிஃப்ட்டுக்கும் கேள்விகள் அதிகம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இப்படிக் குறைவது அரிது. எந்த மாத்திரை எடுக்கிறீர்கள் என்பதும் எண்ணைப் போலவே முக்கியம். வேலைக்கு ஏற்ற மாதிரி மருந்தை மாற்ற முடியுமா என்று உங்கள் டாக்டரிடம் கேட்கலாம்.

வேலை கிடைத்து இ.எஸ்.ஐ-க்குள் வந்துவிட்டால் (2017 முதல் மாதச் சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாய்) ஒரு நன்மை உண்டு. தனியார் இன்ஷூரன்ஸ் மாதிரி, 'ஏற்கெனவே இருந்த நோய்க்கு இத்தனை வருடம் காத்திரு' என்ற பேச்சு அங்கே கிடையாது. சேர்ந்த நாளிலிருந்தே சிகிச்சை கிடைக்கும்.

எல்லா நாடும் ஒன்றல்ல

வளைகுடாவைப் பார்த்துவிட்டு எல்லா வெளிநாடும் இப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேல் பிரிட்டன் போகிறவர்களுக்கு விசாவுக்காகக் கேட்பது காசநோய்ப் பரிசோதனைதான். ஆஸ்திரேலியா சிறுநீரில் தொடங்கி, சர்க்கரை தெரிந்தால் மேல்பரிசோதனைக்குப் போகும். நியூசிலாந்து முழு மெடிக்கலில் ஹெச்பிஏ1சி-யையே நேராகக் கேட்கிறது. அமெரிக்காவில் 2025 நவம்பரில், குடியேற்ற விசா கேட்பவர்களின் நீரிழிவு போன்ற நாள்பட்ட நோய்களையும், அதனால் அரசுக்குச் செலவு வருமா என்பதையும் கணக்கில் எடுக்கும்படி தூதரக அதிகாரிகளுக்கு அறிவுறுத்தப்பட்டது. பிள்ளைகளோடு போய்த் தங்க விண்ணப்பிக்கும் பெற்றோர் கவனிக்க வேண்டியது இது.

வளைகுடா போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 'ரத்தத்தை மாற்றிக் கொடுத்து ஃபிட் வாங்கித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால், அந்த நாட்டில் இறங்கிய பிறகும் மெடிக்கல் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். அது பெரும்பாலும் தொற்றுநோய்க்கானதுதான். ஆனால், சர்க்கரை 350-ல் 45 டிகிரி வெயிலில் வேலைக்கு நின்றால் காட்டிக்கொடுக்க மெடிக்கல் தேவையில்லை. உடம்பில் நீர் வற்றி ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். அதற்குள் ஊரில் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்.

ஃபிட் ஆகிப் போகிறவர், இரண்டு மூன்று மாதத்துக்கான மாத்திரையைக் கடை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்த மாத்திரை அங்கே வராது. சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரையும் எழுதி வாங்குங்கள். நம் ஊர் பிராண்ட் பெயர் அங்கே பல கடைக்காரர்களுக்குப் புரியாது.

அங்கே முதல்முறை சர்க்கரை பார்க்கும்போது ரிப்போர்ட்டில் 9.8 என்று வந்தால், அதை ஹெச்பிஏ1சி என்று நினைத்துப் பதறவும் வேண்டாம், '9 தானே' என்று நிம்மதியாகவும் வேண்டாம். பல நாடுகளில் ரத்தச் சர்க்கரையையே மில்லிமோல் கணக்கில் எழுதுவார்கள். 18-ஆல் பெருக்கினால் நம் ஊர்க் கணக்கு வந்துவிடும்: 176. சாப்பிட்ட பிறகு எடுத்ததா, வெறும் வயிற்றிலா என்று அடுத்த வரியைப் பாருங்கள்.